ரைடு புள்ளியும் டேக்கிள் புள்ளியும் கூட்டினால் மட்டும் கபடிக் கணக்கு தீராது

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஈத்தாமொழிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே மண்ணைச் சமன்செய்து, நான்கு மூலையிலும் விளக்கு கட்டி, இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் என்று நோட்டீஸ் ஒட்டி, பத்து மணிக்குத் தொடங்கிய ஒரு மின்னொளி கபடிப் போட்டியில்தான் இந்தக் கட்டுரைக்கான சண்டையைக் கேட்டேன். எனக்குப் பக்கத்தில் இரண்டு இளைஞர்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது களத்தை. பேசிக்கொண்டிருந்தது புரோ கபடியின் அடுத்த நாள் ஆட்டத்தைப் பற்றி. ஒருவர் செல்பேசியில் சராசரிகளைப் பார்த்துச் சொன்னார்: "ரைடும் டேக்கிளும் சேர்த்து இவர்களுக்கு 33, அவர்களுக்கு 29. ஆக நான்கு புள்ளி வித்தியாசம். மொத்தம் 62. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

மேசையில் புள்ளி எழுதிக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மக்கா, அந்த 33 யார் கொடுத்த புள்ளி என்று பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த ரைடைக் குறிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த ஒரு கேள்வியில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. மீதிப் பாதி, அந்தக் கூட்டலில் இடம்பெறாத புள்ளிகளில் இருக்கிறது.

இப்படி வித்தியாசத்தைக் கணிப்பவர்களும் கூட்டுத்தொகையைக் கணிப்பவர்களும் புழங்கும் சொற்கள் ஹேண்டிகேப், மொத்தம். முதலில் இந்த இரண்டையும் தெளிவாக்கிக்கொள்வோம். ஹேண்டிகேப் என்பது நமக்குப் புதிதல்ல. சின்னப் பையன்களோடு ஆடும்போது "உனக்கு ஐந்து புள்ளி முதலிலேயே வைத்துக்கொள்" என்று பெரியவர்கள் விட்டுக்கொடுப்பார்கள் அல்லவா, அதுதான். வலுவான அணியின் கணக்கிலிருந்து முன்கூட்டியே சில புள்ளிகளைக் கழித்துவிட்டு, அதற்குப் பிறகும் அது ஜெயிக்குமா என்று பார்ப்பது. 4.5 என்று அரைப் புள்ளியோடு சொல்வதற்குக் காரணம், சமன் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்வது. ஐந்து புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால் கணக்கைத் தாண்டியது. நான்கில் ஜெயித்தால் தாண்டவில்லை. மொத்தம் என்பது இரு அணிகளும் எடுக்கும் புள்ளிகளின் கூட்டுத்தொகை. அது ஒரு வரம்புக்கு மேலே போகுமா, கீழே நிற்குமா என்பது கேள்வி.

இந்தச் சொற்கள் பந்தயக்காரர்களிடமிருந்து வந்தவைதான், மறைக்க ஒன்றுமில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. தமிழ்நாட்டின் தனிச் சட்டம் அதற்கும் முந்தையது. இங்கே பேசப்போவது கணக்கு மட்டும். பணம் இல்லாமலேயே இந்தக் கணக்கு போதுமான சண்டையை மூட்டுகிறது.

ஆட்டத்தின் எலும்புக்கூட்டைப் பார்ப்போம். இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒரு ரைடுக்கு 30 விநாடி. 40 நிமிடத்தை 30 விநாடிகளாக வெட்டினால் 80 ரைடு, அதாவது அணிக்கு 40. சில ரைடுகள் பத்து விநாடியில் முடிந்துவிடும். சில இடங்களில் நேரம் வீணாகும். இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுகட்டுவதால் 40 என்பது கைக்கணக்குக்கு நல்ல எண். அந்த 40 ரைடில் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் மூன்று முடிவுகள்தான் உண்டு. ரைடர் புள்ளியோடு திரும்புவார், அல்லது பிடிபடுவார், அல்லது வெறும் கையோடு வருவார். முதலாவது ரைடரின் அணிக்கு ரைடு புள்ளி. இரண்டாவது எதிரணிக்கு டேக்கிள் புள்ளி. மூன்றாவது யாருக்கும் இல்லை.

இதிலிருந்து வெளிப்படும் உண்மை எளிமையானது, ஆனால் எளிதில் மறந்துபோவது. ஒரே ரைடு இரண்டு பேருடைய நோட்டிலும் ஏறுகிறது. ஓர் அணி எடுத்த ரைடு புள்ளி ஒவ்வொன்றும் எதிரணியின் தற்காப்பு விட்டுக்கொடுத்த புள்ளி. அந்த அணியின் ரைடர் பிடிபட்ட ஒவ்வொரு முறையும் எதிரணியின் டேக்கிள் புள்ளி. எனவே ஓர் அணி எடுத்ததை மட்டும் பார்த்து அடுத்த ஆட்டத்தை மதிப்பிடுவது, சந்தையில் விற்றவரின் கணக்கை மட்டும் பார்த்து வாங்கியவரின் பையை எடைபோடுவது போன்றது. கொடுத்த கணக்கும் வேண்டும்.

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. அணிகளுக்கும் கடற்கரை, மலையோரம் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். தொடரின் பொதுச் சராசரியாக ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் 19 ரைடு புள்ளி, 10 டேக்கிள் புள்ளி, எதிரணி முழுவதையும் வெளியேற்றும் ஆல்-அவுட் வழியாக 3, விதிமீறல் போன்றவற்றால் வரும் உதிரிப் புள்ளி 1, ஆகமொத்தம் 33 என்று வைத்துக்கொள்வோம். இரு அணிக்கும் சேர்த்து 66. இது ஆகாயத்தில் பிடித்த எண் அல்ல. புரோ கபடியின் இறுதிப் போட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது சீசனில் பெங்களூரு புல்ஸ் 38, குஜராத் 33. ஏழாவதில் பெங்கால் 39, டெல்லி 34. எட்டாவதில் டெல்லி 37, பாட்னா 36. ஒன்பதாவதில் ஜெய்ப்பூர் 33, புனே 29. பத்தாவதில் புனே 28, ஹரியானா 25. பதினோராவதில் ஹரியானா 32, பாட்னா 23. இந்த ஆறு ஆட்டங்களின் மொத்தம் சராசரியாக 64.5. ஐந்தாவது சீசன் இறுதிப் போட்டியைச் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். அதில் பாட்னா 55, குஜராத் 38, மொத்தம் 93. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது கடற்கரை அணியின் நோட்டு: ஓர் ஆட்டத்துக்கு 24 ரைடு புள்ளி எடுக்கிறது, 9 டேக்கிள் புள்ளி எடுக்கிறது. கூட்டினால் 33. மலையோர அணிக்கு ரைடில் 17, டேக்கிளில் 12. கூட்டினால் 29. தென்னந்தோப்பில் அந்த இளைஞர் சொன்ன அதே எண்கள்: கடற்கரை நான்கு புள்ளி முன்னே, மொத்தம் 62.

பெரியவர் கேட்ட கேள்வியை இப்போது கேட்போம். கடற்கரை அணி மற்றவர்களுக்கு எவ்வளவு ரைடு புள்ளி விடுகிறது? 21. அதன் ரைடர்கள் பிடிபட்டு எதிரணிக்குக் கொடுக்கும் டேக்கிள் புள்ளி 9. மலையோர அணி விடும் ரைடு புள்ளி 16தான், இறுக்கமான தற்காப்பு. அதன் ரைடர்கள் கொடுக்கும் டேக்கிள் புள்ளி 10.

இரண்டையும் சேர்க்கும் முறை கடினமானதல்ல. நான் எடுப்பதையும் நீ விடுவதையும் கூட்டி, தொடரின் சராசரியை ஒருமுறை கழிக்க வேண்டும். கழிப்பது ஏன் என்றால், அந்தச் சராசரி இரண்டு எண்களுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. கழிக்காவிட்டால் இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். கடற்கரையின் ரைடு 24, மலையோரம் விடுவது 16, கூட்டினால் 40, அதில் 19 போனால் 21. மலையோரத்தின் ரைடு 17, கடற்கரை விடுவது 21, கூட்டினால் 38, அதில் 19 போனால் 19. டேக்கிளில் கடற்கரைக்கு 9ம் 10ம் கூட்டி 10 கழித்தால் 9. மலையோரத்துக்கு 12ம் 9ம் கூட்டி 10 கழித்தால் 11.

கடற்கரை 21ம் 9ம் சேர்த்து 30. மலையோரம் 19ம் 11ம் சேர்த்து 30. நான்கு புள்ளி முன்னிலை ஆவியாகிவிட்டது. கடற்கரை அணியின் ரைடர்கள் பலவீனமான தற்காப்புகளைத் தின்று வளர்த்த சராசரி, இறுக்கமான தற்காப்புக்கு முன்னால் மூன்று புள்ளி சுருங்குகிறது. கடற்கரையின் ஓட்டைத் தற்காப்பு, எதிரணியின் சுமாரான ரைடர்களுக்கு இரண்டு புள்ளி கூட்டிக்கொடுக்கிறது.

இத்தோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். ஆனால் ரைடும் டேக்கிளும் கூட்டினால் 60தான் வருகிறது. தொடரின் சராசரியிலோ இவை இரண்டும் 58, மொத்தம் 66. மீதி எங்கே போயிற்று? ஆல்-அவுட்டிலும் உதிரியிலும். எதிரணியின் ஏழு பேரையும் வெளியேற்றினால் கூடுதலாக இரண்டு புள்ளி. நம் ஊர் மண் களத்தில் இதை லோனா என்று சொல்லும் பழையவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரைடு, டேக்கிள் என்ற இரண்டு தலைப்புகளை மட்டும் கூட்டுபவருக்கு இந்தப் புள்ளிகள் கண்ணில் படாது. நம் கணக்கில் இரு அணிக்கும் சேர்த்து 8 புள்ளி. மொத்தம் 68. அந்த இளைஞர் சொன்ன 62க்கும் இதற்கும் இடையே ஆறு புள்ளி பள்ளம். அது ஆட்டத்தின் விசித்திரத்தால் வந்ததல்ல, கூட்டலில் விட்டுப்போனது.

ஆல்-அவுட்டை இரு அணிக்கும் சமமாகப் பிரித்துப்போடுவது சோம்பேறித்தனம். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

எல்லாப் புள்ளியும் ஆளை வெளியேற்றுவதில்லை. ரைடர் தொட்டு எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரணியில் ஓர் ஆள் வெளியே போகிறார், நம் அணியில் வெளியே உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் உள்ளே வருகிறார். டேக்கிளுக்கும் அப்படியே. ஆனால் போனஸ் புள்ளி வேறு சாதி. களத்தில் ஆறு அல்லது ஏழு தற்காப்பு ஆட்கள் நிற்கும்போது ரைடர் போனஸ் கோட்டைக் கடந்து கால் வைத்தால் ஒரு புள்ளி. யாரும் வெளியே போவதில்லை, யாரும் உள்ளே வருவதில்லை. சூப்பர் டேக்கிளும் பாதி அப்படித்தான். மூன்று பேரோ அதற்குக் குறைவானவர்களோ நின்று ரைடரைப் பிடித்தால் இரண்டு புள்ளி; வெளியே போவது என்னவோ ஒரே ஆள்.

ஆக, பலகையில் ஒரே மாதிரி தெரியும் 21 புள்ளிகள் களத்தில் ஒரே வேலையைச் செய்வதில்லை. கடற்கரை அணி போனஸ் பிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்க்கும் 21 ரைடு புள்ளியில் 8 போனஸ். மீதி 13 மட்டும் ஆளை வெளியேற்றும். டேக்கிள் 9ல் ஒரு சூப்பர் டேக்கிள் இருந்தால் பிடிபடும் ஆட்கள் எட்டு. ஆக கடற்கரை வெளியேற்றுவது 21 ஆட்களை. மலையோர அணி போனஸை அதிகம் தேடுவதில்லை. 19ல் 3 மட்டும் போனஸ். 16 பேரைத் தொட்டு வெளியேற்றும். டேக்கிள் 11ல் ஒரு சூப்பர் டேக்கிள் போனால் பத்து ஆட்கள். மொத்தம் 26 பேர்.

இரு அணியும் 30 புள்ளி. ஆனால் ஒன்று 21 பேரை வெளியேற்றுகிறது, மற்றது 26 பேரை. யாருடைய களம் அடிக்கடி காலியாகும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே மூன்று ஆல்-அவுட் நடக்கும் என்று எடுத்துக்கொண்டால், அதில் இரண்டை மலையோரத்துக்கும் ஒன்றைக் கடற்கரைக்கும் எழுதுவது நியாயம். உதிரிப் புள்ளி ஒன்றையும் சேர்த்தால் மலையோரம் 35, கடற்கரை 33. மொத்தம் மாறவில்லை, 68தான். முன்னிலை மட்டும் கைமாறிவிட்டது. கடற்கரை நான்கில் முன்னே என்று தொடங்கிய கணக்கு, மலையோரம் இரண்டில் முன்னே என்று முடிகிறது.

ரைடு புள்ளிப் பட்டியலில் போனஸை எவ்வளவு, தொட்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். ஒரு வரியில் இரண்டு எண்களாக எழுதினால் போதும்.

இப்போது ஹேண்டிகேப்புக்கு வருவோம். நமது மதிப்பீடு மலையோரம் இரண்டு புள்ளி முன்னே என்கிறது. அதற்காக ஆட்டம் 35க்கு 33 என்று முடியும் என்று யாரும் எழுதித்தர முடியாது. எவ்வளவு தூரம் ஆடும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓர் அணியின் 40 ரைடில் 15 வெறும் கை, 10 பிடி, 11 ஒற்றைப் புள்ளி, 3 இரட்டைப் புள்ளி, 1 மூன்று புள்ளி சூப்பர் ரைடு என்று பிரித்துக்கொண்டால் ரைடு புள்ளி 20, எதிரணிக்கு டேக்கிள் புள்ளி 10. நம் உதாரணத்தின் அளவுதான். ஒவ்வொரு ரைடும் தனித்தனி என்று எடுத்து 80 ரைடுக்கும் சிதறலைக் கணக்கிட்டால், புள்ளி வித்தியாசம் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, அதாவது திட்ட விலக்கம், ஏறக்குறைய 9 வருகிறது. மொத்தத்தின் திட்ட விலக்கமோ 6தான்.

ஏன் இந்த வேறுபாடு? ரைடர் புள்ளி எடுத்தாலும் மொத்தம் ஏறுகிறது, பிடிபட்டாலும் மொத்தம் ஏறுகிறது. மொத்தத்துக்கு யார் எடுத்தார்கள் என்பது பொருட்டே இல்லை. வித்தியாசத்துக்கு அதுதான் எல்லாம். ஒரே ரைடில் புள்ளி எடுப்பதற்கும் பிடிபடுவதற்கும் இடையே இரண்டு புள்ளி ஊசலாட்டம். அதோடு ஆல்-அவுட்டும் முன்னே இருப்பவருக்கே பெரும்பாலும் போய்ச் சேர்வதால் 9 என்பதை 10 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

அந்த இளைஞரின் கணக்குப்படி கடற்கரைக்கு 4 புள்ளி முன்னிலை. 4.5 ஹேண்டிகேப்பைத் தாண்ட ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அவர் நினைப்பார். நம் கணக்குப்படி கடற்கரை இரண்டு பின்னே, 4.5ஐத் தாண்ட ஆறரைப் புள்ளி ஏற வேண்டும். 10 திட்ட விலக்கத்தில் அது நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரே நோட்டு, ஒரே ஆட்டங்கள், முடிவு இப்படி மாறுகிறது. மொத்தத்திலும் அப்படியே. 62.5 என்ற வரம்பை அவர் பூவா தலையா என்பார். 68ஐ எதிர்பார்ப்பவருக்கு அது நான்கில் மூன்று மேலே போகும். (இதற்கு 6ஐ விட்டுவிட்டு 8ஐ எடுத்திருக்கிறேன், நம் சராசரிகளே தப்பாக இருக்கலாம் என்பதற்கான இடம் அது.)

அந்தக் கடைசி வாக்கியம் அடைப்புக்குள் ஒளிந்துகொள்ளத் தக்கதல்ல. இறுதிப் போட்டிகளின் மொத்தங்களை மறுபடியும் பாருங்கள்: 71, 73, 73, 62, 53, 55. அதிர்ஷ்டத்தால் மட்டும் ஆறு ஆறாக ஆடியதென்றால் 53ம் 73ம் ஒரே குடும்பத்தில் பிறப்பது அரிது. இறுதிக்கு வந்த அணிகளின் பாணி வேறு. பத்தாவது சீசனில் புனேயும் ஹரியானாவும் தற்காப்பால் இறுதிக்கு வந்த அணிகள். 28க்கு 25 என்று முடிந்ததில் வியப்பு ஒன்றுமில்லை. மொத்தத்தைக் கணிக்கும்போது தவறு அதிர்ஷ்டத்தால் மட்டும் வருவதில்லை, பாணியைத் தவறாகப் படித்ததாலும் வருகிறது.

பாணியைத் தவறாகப் படிக்க மிகச் சுலபமான வழி, ஒரு பெரிய ஆட்டத்தைச் சராசரிக்குள் விடுவது. ஐந்தாவது சீசனில் பாட்னாவின் ரைடர் பர்தீப் நர்வால் தனியாக 369 ரைடு புள்ளி எடுத்தார். ஹரியானாவுக்கு எதிரான நீக்கச் சுற்று ஆட்டத்தில் மட்டும் 34. அதில் ஒரே ரைடில் எட்டுப் புள்ளி. பாட்னா அன்று 69க்கு 30 என்று ஜெயித்தது. அந்த ஓட்டத்தின் தொடர்ச்சிதான் 93 மொத்தம் வந்த இறுதிப் போட்டி. 2019ல் பவன் செராவத் பெங்களூருக்காக ஹரியானாவுக்கு எதிராக 39 ரைடு புள்ளி எடுத்தார்; அன்று அணியின் மொத்தமே 59. இப்படிப்பட்ட ஒரு நாள் சராசரியை என்ன செய்யும் என்று பாருங்கள். ஒன்பது ஆட்டங்களில் 18 வீதம் எடுத்த அணி பத்தாவதில் 48 எடுத்தால் சராசரி 21 ஆகிவிடும். பத்து ஆட்டங்களில் ஒன்றில்கூட அந்த அணி 21 எடுத்ததில்லை. நடு எண்ணைப் பார்த்தால் 18தான். அடுத்த ஆட்டத்துக்கு அதற்குப் பக்கத்தில் நிற்பதுதான் புத்தி.

அப்படி ஒரே ரைடரை நம்பிய அணிக்கு இன்னொரு சிக்கல். அவர் பிடிபட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அணியின் ரைடுகள் வெறும் கையோடு திரும்பும். இரண்டு வெறும் ரைடுக்குப் பிறகு மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரைடரே வெளியே. அந்தக் கட்டாய ரைடுக்கு இரண்டாம் நிலை ரைடர் போனால் எதிரணிக்கு டேக்கிள் புள்ளி தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரிதான். அந்த முதன்மை ரைடருக்குக் காயம் என்ற செய்தி வந்தால் அவர் எடுக்கும் ரைடு புள்ளியைக் கழிப்பதோடு நிறுத்தாமல், எதிரணியின் டேக்கிள் புள்ளியையும் கூட்ட வேண்டும். பலர் முதலாவதை மட்டும் செய்கிறார்கள்.

பழைய ஆட்டங்களின் வித்தியாசங்களைப் பார்த்து ஹேண்டிகேப் கணிப்பவர்களுக்கு ஒரு கண்ணிவெடி உண்டு. பதினோராவது சீசன் வரை புரோ கபடியில் ஏழு புள்ளி அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால், தோற்ற அணிக்கும் பட்டியலில் ஒரு புள்ளி கிடைத்தது. கடைசி இரண்டு நிமிடத்தில் ஒன்பது புள்ளி பின்னே இருக்கும் அணிக்கு ஜெயிப்பது கனவு. ஏழுக்குள் வருவது நனவு. அதனால் அந்த அணி விழுந்து எழுந்து இரண்டு புள்ளி தேடும். முன்னே இருக்கும் அணிக்கோ வெற்றி கையில் இருப்பதால் ஆளைக் காப்பாற்றினால் போதும். எட்டிலும் ஒன்பதிலும் முடிய வேண்டிய ஆட்டங்கள் ஆறிலும் ஏழிலும் முடிய ஒரு காரணம் இருந்தது. பன்னிரண்டாவது சீசனில் வெற்றிக்கு இரண்டு, தோல்விக்கு ஒன்றுமில்லை என்று பட்டியல் முறை மாறிவிட்டது. அந்தக் காரணமும் போய்விட்டது. பழைய சீசன் வித்தியாசங்களை அப்படியே எடுத்து 7.5க்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எண்ணுபவர், இல்லாத விதியை எண்ணுகிறார்.

இனி நம் ஊருக்குத் திரும்பலாம். மின்னொளிப் போட்டியில் இருபது அணிகள் பதிவு செய்துவிட்டால், விடிவதற்குள் முடிக்க வேண்டும் என்று குழு நேரத்தைக் குறைத்துவிடும். பதினைந்து நிமிடம் வீதம் இரண்டு பாதி என்றால் அணிக்கு 40 ரைடு அல்ல, 30தான். ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்ற சராசரி அங்கே உதவாது. ரைடுக்கு இத்தனை புள்ளி என்று மாற்ற வேண்டும். 40 ரைடில் 20 என்றால் ரைடுக்கு அரைப் புள்ளி, 30 ரைடில் 15. டேக்கிளையும் இப்படியே எதிரணியின் ரைடுகளால் வகுக்கலாம். ஆல்-அவுட்டை மட்டும் இப்படி வகுக்கக் கூடாது. ஏழு பேரில் தொடங்கும் களம் காலியாகச் சில நிமிடம் எடுக்கும், அந்த முதல் நிமிடங்கள் நீளமான ஆட்டத்திலும் குறுகிய ஆட்டத்திலும் ஒன்றே. குறைக்கும்போது வெட்டுப்படுவது பின்பகுதி. ஆல்-அவுட்டுகள் விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். நான் முக்கால் பங்குக்குப் பதில் பாதிப் பங்கே எழுதுகிறேன். இது கை அனுபவம், சூத்திரம் அல்ல.

இன்னொரு சங்கடம், உள்ளூர் அணியைப் பற்றி நம் நோட்டில் இரண்டு ஆட்டம்தான் இருக்கும். இரண்டிலும் 27 ரைடு புள்ளி எடுத்துவிட்டது என்பதற்காக மூன்றாவதிலும் 27 எழுதக் கூடாது. தொடரின் சராசரி 19 என்றால் இரண்டுக்கும் நடுவே 23 எழுதிவிட்டு, ஆட்டங்கள் கூடக் கூட அணியின் சொந்த எண்ணை நோக்கி நகரலாம். களத்தையும் பார்க்க வேண்டும். மேட் விரிப்பில் காலணியோடு திரும்பி ஓடும் ரைடர், மழை நனைத்த மண்ணில் அதே வேகத்தில் திரும்ப முடியாது. இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. மேட் ஆட்டத்தில் எடுத்த ரைடு சராசரியை ஈரமண் களத்துக்கு அப்படியே கொண்டுவருபவர் தன் செருப்பு சேற்றில் புதையும்போதாவது யோசிக்கலாம்.

குறுகிய ஆட்டம் ஹேண்டிகேப்பை எப்படி மாற்றுகிறது என்பதைப் பெரும்பாலோர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். முழு ஆட்டத்தில் ஓர் அணி எட்டுப் புள்ளி வலுவானது என்றால், முக்கால் ஆட்டத்தில் அந்த முன்னிலை ஆறாகக் குறையும். அதுவரை சரி. ஆனால் சிதறல் முக்காலாகக் குறையாது. அது ரைடு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு போகும். 9 என்பது 8க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். முன்னிலை கால் பங்கு கரைகிறது, ஆட்டத்தின் ஊசலாட்டம் எட்டில் ஒரு பங்குதான் கரைகிறது. பெயர் பெற்ற அணிகள் நம் ஊர்ப் போட்டிகளில் இரவு ஒரு மணிக்குப் பெயர் தெரியாத அணியிடம் தோற்றுவிட்டுப் போவதற்கு நடுவரைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

அன்று இரவு ஈத்தாமொழியிலும் அதுதான் நடந்தது. எல்லோரும் ஜெயிக்கும் என்று சொன்ன அணி இரண்டாவது சுற்றிலேயே மூன்று புள்ளியில் தோற்றது. கட்டன் சாயா குடிக்க எழுந்தபோது பெரியவரின் நோட்டை எட்டிப் பார்த்தேன். ரைடு என்ற பத்தியில் சில புள்ளிகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். தோற்ற அணியின் பக்கத்தில் வட்டங்கள் ஒன்பது, ஜெயித்த அணியின் பக்கத்தில் இரண்டு.

"இது என்ன, அண்ணாச்சி?"

"போனஸ்" என்றார். "ஆள் போகாத புள்ளி."